ஆய்வக உதவியாளருக்கு நன்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் யாராவது ஒருவர் என்னிடம் செல்போனை நீட்டுவார். "சார், லேப் அண்ணாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருக்கோம், பாருங்க." வேதியியல் ஆசிரியராக இதை வருடா வருடம் பார்க்கிறேன். எழுதுபவர்கள் மாறுகிறார்கள், எழுதியது மாறவில்லை. பெயரில் எழுத்துப் பிழை, தேதி விட்டுப்போவது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். மற்றதைச் சொல்கிறேன்.

"பொருட்களை எடுத்து வைப்பவர்" என்று எழுதுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஓய்வு பெறும் உதவியாளருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. இளம் ஆசிரியர் ஒருவர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார்: "சோதனைக் குழாய்களைக் கழுவி, கேட்டதை எடுத்துக் கொடுத்து, அமைதியாக உழைத்த அண்ணன்." அதே வாசகத்தை நினைவுக் கேடயத்திலும் பொறித்துவிட்டார்கள். மனைவி, பிள்ளைகள், சம்பந்தி என்று குடும்பமே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது. விழா முடிந்ததும் அவர் என்னிடம், "கழுவினது நிஜந்தான் சார், அது மட்டுமா செஞ்சேன்?" என்றார். பொறித்த எழுத்தை என்ன செய்ய முடியும்?

அவர் வேறு என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை, பெர்மாங்கனேட் தரம் பார்த்தல். மாணவருக்குத் தெரிவது மேசையில் இருக்கும் ஊதா நிறக் கரைசலும் பியூரெட்டும் மட்டும்தான். புது ஆசிரியருக்கும் பெரும்பாலும் அவ்வளவுதான் தெரியும்.

ஒரு மாணவர் இரண்டு முறை தரம் பார்க்க வேண்டும்: முதலில் செறிவு தெரிந்த ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை வைத்து, அப்புறம் செறிவு தெரியாத கரைசலை வைத்து. ஒவ்வொன்றிலும் அளவீடு ஒத்துவரும் வரை செய்வதாலும், பியூரெட்டைக் கழுவ ஊற்றுவதாலும், ஆளுக்குச் சுமார் 150 மி.லி. பெர்மாங்கனேட் போய்விடும். நாற்பது பேர் என்றால் 6 லிட்டர். 0.1 நார்மல் கரைசலுக்கு லிட்டருக்கு 3.16 கிராம் வீதம், 19 கிராம் எடை போட வேண்டும்.

எடை போடுவது எளிது. சிக்கல் என்னவென்றால், பெர்மாங்கனேட்டை அன்றன்றைக்குக் கரைத்து ஊற்ற முடியாது. தண்ணீரில் கொஞ்சம் கரிமத் தூசு இருந்தாலும் அது மெல்ல மெல்லச் சிதையும். பழுப்பு நிறத்தில் மாங்கனீஸ் டை ஆக்சைடு படியும். படிந்த அந்தப் பழுப்பே மீதிக் கரைசலின் சிதைவையும் வேகப்படுத்தும். அதனால் அந்த அண்ணன் வியாழக்கிழமையே வாலைவடிநீரில் கரைத்து, சூடாக்கி, மூடி வைத்துவிடுவார். மறுநாள் மாலை கண்ணாடிப் பஞ்சு வழியாக வடிகட்டி, பழுப்பு நிறப் புட்டியில் ஊற்றி, அலமாரிக்குள் இருட்டில் வைப்பார். சாதாரண வடிதாளைத் தொடவே மாட்டார். தாளும் கரிமப் பொருள்தான், பெர்மாங்கனேட் அதோடும் வினைபுரியும்.

ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டின் கதை வேறு. லிட்டருக்கு 39.2 கிராம். வெறும் தண்ணீரில் போட்டால் கரைசல் கலங்கிப் பழுப்பேறும், இரும்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். எனவே நீர்த்த கந்தக அமிலத்தை முதலில் சேர்த்துவிட்டுத்தான் உப்பைப் போட வேண்டும். அதுவும் முன்கூட்டிச் செய்து வைக்க முடியாத வேலை. திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அவர் லேபுக்கு வந்து நிற்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பெர்மாங்கனேட்டின் செறிவு 0.1-இலிருந்து 0.095-க்கு இறங்கியதாக வையுங்கள். 20 மி.லி. ஃபெரஸ் கரைசலுக்கு 20 மி.லி. ஆக வேண்டியது 21-ஐத் தாண்டும். பாதிப் பேர் தங்கள் கை தவறிவிட்டது என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் செய்வார்கள். ஆசிரியர் வைத்திருக்கும் பட்டியலோடு யாருடைய பியூரெட் அளவீடும் ஒட்டாது. அவருடைய வகுப்பில் அப்படி நடந்ததே இல்லை, ஏனென்றால் ஒரு குடுவை ஆக்ஸாலிக் அமிலத்தை 60–70 டிகிரிக்குச் சூடாக்கி, தானே ஒருமுறை தரம் பார்த்துவிட்டுத்தான் கரைசலை வெளியே தருவார். ஒரு மாணவன், "அண்ணா, கரைசல் கெட்டுப்போச்சு, பழுப்பா கலங்குது" என்று ஓடி வந்தால் புட்டியைப் பார்க்கக்கூட மாட்டார். "ஆசிட் ஊத்தினியா?" என்பார். ஊற்றியிருக்க மாட்டான்.

இந்த மனிதரைத்தான் "எடுத்துக் கொடுத்தவர்" என்று பொறித்தார்கள். கழுவுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. சரியாகக் கழுவாத பிப்பெட்டின் உட்சுவரில் துளிகள் ஒட்டி நிற்கும், அளவு பிசகும். ஆனால் வேலையில் எளிதாகக் கண்ணில் படும் பாதியை மட்டும் எழுதினால், மீதிப் பாதியை யாரும் கவனிக்கவில்லை என்று எழுத்துப்பூர்வமாகச் சொன்னதாகிவிடும். எதுவும் எழுதாமல் கை குலுக்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆகவே எழுதுவதற்கு முந்தைய நாள் தயாரிப்பு அறைக்குள் போய் நில்லுங்கள். அவர் எதை முதலில் எடுக்கிறார், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறார் என்று பாருங்கள். புரியாததைக் கேளுங்கள். பேட்டி எடுப்பதுபோல் உட்கார வைத்துக் கேட்காதீர்கள், கூச்சப்பட்டு "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுவிடுவார். பார்த்ததில் ஒன்றே ஒன்றை எடுத்து எழுதினால் போதும். சென்ற வருடம் ஒரு ஆசிரியை எழுதியதைத் திருத்தி முடித்தபோது இப்படி வந்தது:

"அண்ணா, வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்கான பெர்மாங்கனேட்டை நீங்கள் வியாழக்கிழமையே போட்டு, வடிகட்டி, சரிபார்த்து வைத்திருந்தீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கும் அளவீடு ஒத்து வந்தது. நான் பாடத்தை மட்டும் நடத்தினால் போதும் என்ற நிலையில் அன்று வகுப்புக்குள் நுழைந்தேன். மிக்க நன்றி."

வேதியியல் தெரியாத அவருடைய பேத்திகூட இதைப் படித்தால், தாத்தா நான்கு நாள் முன்னாலேயே வேலையைத் தொடங்கியிருக்கிறார் என்று புரிந்துகொள்வாள். இயற்பியல் லேப் என்றால் மீட்டர் பிரிட்ஜுக்கான கம்பிகளின் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்ததை எழுதலாம். உயிரியல் என்றால், செல் பிரிவு வகுப்புக்குச் சில நாள் முன்பே வெங்காயத்தைத் தண்ணீரில் வைத்து வேர் விடச் செய்ததை எழுதலாம்.

"லேப் பையன்"

ஐம்பது வயதுக்காரரை எழுத்தில் அப்படிக் குறிப்பிடாதீர்கள்.

அவரை மாட்டிவிடும் பாராட்டு

"செய்முறைத் தேர்வு நாளில் எங்கள் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர்." எழுதியவர் உணர்ச்சிவசப்பட்டு எழுதினார், அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்ட வாட்ஸ்அப் குழுவில் வேறு பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள். யாருக்கு எந்த உப்பு, எந்த எண்ணில் எவ்வளவு செறிவு என்பது தெரிந்த ஆள் அவர். அவரைப் பற்றி "கரை சேர்த்தார்" என்றால் வெளியிலிருந்து படிப்பவர் என்ன நினைப்பார்? விடையைக் காதில் சொல்லிவிட்டார் என்றுதான். ஒரு கேலிச் செய்தியோடு அது முடிந்தது, இல்லையென்றால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான், பாராட்டியவர் அல்ல. தேர்வு நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், "ஒரு எண்கூட மாறாமல் கரைசல்களைப் பிரித்துக் கொடுத்தீர்கள்" என்று எழுதலாம். உண்மையும் அதுதான், பெருமையும் அதுதான்.

இதே வகையில் இன்னொன்று: "கையுறைகூட இல்லாமல் அடர் அமிலத்தைக் கையாளும் துணிச்சல்காரர்." தலைமையாசிரியர் இதைப் படித்தால் முதலில் கேட்பது, ஏன் கையுறை போடவில்லை என்றுதான். வாங்கித் தராதது பள்ளி, பதில் சொல்ல வேண்டியது அவரா? அமிலத்தைப் பற்றி எழுத ஆசை இருந்தால், தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அவர் காட்டிக் கொடுத்ததை எழுதுங்கள்.

"அதிகம் படிக்காவிட்டாலும்"

அந்தச் சொற்களை அடித்துவிடுங்கள். 2015-இல் தமிழ்நாட்டில் ஆய்வக உதவியாளர் பணிக்கு எழுத்துத் தேர்வு நடந்தபோது அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான், ஆனால் எழுதியவர்களில் பட்டதாரிகளும் இருந்தார்கள். உங்கள் லேபில் இருப்பவர் வேதியியலே படித்தவராக இருக்கலாம்.

அமைதியைப் புகழ்வது

"ஒரு நாளும் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை" என்ற வரி கிட்டத்தட்ட எல்லாக் கடிதங்களிலும் வருகிறது. கேட்கவில்லையா, கேட்டது யார் காதிலும் விழவில்லையா? காற்றுப்போக்கி விசிறி ஓடவில்லை, பியூரெட்டின் திருகு ஒழுகுகிறது, வாலைவடிநீர் தீர்ந்துவிட்டது என்று அவர் தேவைப் பட்டியல் நோட்டில் எழுதி வைத்திருப்பார். ஒருமுறை அதைப் புரட்டிப் பாருங்கள். கேட்டவரைக் "கேட்காதவர்" என்று புகழ்ந்தால், இனிமேலும் கேட்காதே என்ற பொருள்தான் அவருக்குப் போய்ச் சேரும். அந்த வரிக்குப் பதிலாக, "விசிறிக்கு நீங்கள் எழுதிய கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்" என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு எழுதுங்கள்.

பூங்கொத்துப் படம்

வேண்டாம்.

தேர்வு வாரத்திலேயே அனுப்புவது

அந்த வாரம் அவர் போனைப் பார்ப்பதே அபூர்வம். புறத்தேர்வாளர் கிளம்பி, மிச்சக் கரைசல்களைக் கொட்டி, இருப்புக் கணக்கு எழுதி முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதன் பிறகு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், அதையே ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வேறு பள்ளிக்கு மாறுதல் கிடைத்துப் போனால், அங்கே காட்ட அவரிடம் அந்தத் தாள் இருக்கும்.