சாய்ந்த எக்ஸ்ரேயும் தவறான அறுவைச் சிகிச்சையும்: எஃப்.ஏ.ஐ. நோயறிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளவயதினரின் கவட்டை வலிக்காக எடுக்கப்படும் எக்ஸ்ரே அறிக்கைகளில் ‘கேம்’, ‘பின்சர்’, ‘கிராஸ்ஓவர்’ ஆகிய சொற்கள் இப்போது அடிக்கடி தென்படுகின்றன. ஃபெமோரோஅசெடாபுலர் இம்பின்ஜ்மென்ட், சுருக்கமாக எஃப்.ஏ.ஐ., என்னும் இந்நிலையில் தொடை எலும்பின் கழுத்து, இடுப்புக் கிண்ணத்தின் முன்விளிம்பில் மீண்டும் மீண்டும் இடிக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலையும் கழுத்தும் சேருமிடத்தில் எலும்பு புடைத்திருந்தால் அது கேம் வடிவம். கிண்ணத்தின் விளிம்பு தலையை அளவுக்கு மீறி மூடியிருந்தால் அது பின்சர் வடிவம். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இரண்டில் எது என்பதைப் பொறுத்தே எந்த எலும்பைச் செதுக்குவது என்பது முடிவாகிறது. அந்த முடிவுக்கு அடிப்படையான படமே கோணலாக எடுக்கப்பட்டிருந்தால், குறையில்லாத எலும்பைச் செதுக்கும் நிலை வந்துவிடும்.

இது எப்படி நேர்கிறது என்பதை ஒருவரைக் கொண்டு விளக்குகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடலூர் முதுநகர்ப் பக்கம் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் 28 வயது இளைஞர் அவர். பள்ளி நாள்களில் தீவிரமாகக் கபடி ஆடியவர். குந்தி உட்கார்ந்து செயினை மாட்டும்போது வலது கவட்டையில் சுருக்கென்று குத்துவதாகவும், புதுச்சேரிக்குப் பேருந்தில் உட்கார்ந்து வந்தால் இறங்கும்போது சில அடிகள் நொண்ட வேண்டியிருப்பதாகவும் சொன்னார். வலி எங்கே என்று கேட்டபோது, கட்டைவிரலைப் பின்புறமும் மற்ற விரல்களை முன்புறமும் வைத்து இடுப்பின் பக்கவாட்டைப் பிடித்துக் காட்டினார். மூட்டுக்குள்ளிருந்து வரும் வலியைப் பலரும் இப்படித்தான் காட்டுவார்கள். அவர் கொண்டுவந்த எக்ஸ்ரே அறிக்கையில் ‘கிராஸ்ஓவர் உள்ளது, பின்சர் வகை’ என்றிருந்தது. விளிம்பைச் செதுக்கினால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டும் இருந்தது.

முதல் தவறு, அந்த அறிக்கையை நோய்ப்பெயராக எடுத்துக்கொள்வது. 2016-இல் வெளியான, பல நாட்டு வல்லுநர்களின் வார்விக் உடன்பாட்டின்படி, எஃப்.ஏ.ஐ. நோய்க்குறித்தொகுப்பு என்று சொல்வதற்கு அறிகுறி, பரிசோதனையில் தெரியும் குறி, படத்தில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றும் ஒருங்கே இருக்க வேண்டும். வலியே இல்லாதவர்களிடமும் கேம் வடிவம் சாதாரணமாகக் காணப்படுகிறது, குறிப்பாக வளர்பருவத்தில் கடுமையாக விளையாடிய ஆண்களிடம். கிண்ண விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் வளையத்தில் கிழிசல் இருப்பதாக எம்.ஆர்.ஐ. சொன்னாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். வலியற்ற தன்னார்வலர்களைப் படமெடுத்த ஓர் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிழிசல் தெரிந்தது. ஆகவே படத்துக்கு முன்பு கையால் செய்யும் பரிசோதனை வேண்டும். தொடையை 90 பாகை மடக்கி, உள்பக்கம் சாய்த்து, உள்நோக்கித் திருப்பும்போது இந்த இளைஞருக்கு வழக்கமான வலியே வந்தது. உள்திருப்பம் வலப்பக்கம் சுமார் 5 பாகையோடு நின்றுவிட, இடப்பக்கம் 25 வரை போனது. இந்தச் சோதனையில் வலி வராவிட்டால் எஃப்.ஏ.ஐ. இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் வலி வந்தது என்பதை மட்டும் வைத்து எஃப்.ஏ.ஐ. என்று உறுதி செய்ய முடியாது, ஏனெனில் மூட்டுக்குள் எந்தக் கோளாறு இருந்தாலும் இது வலிக்கக்கூடும்.

நம் பகுதியில் இந்த வயதில் கவட்டை வலிக்கு வேறு இரண்டு காரணங்களை விலக்காமல் மேலே போகக்கூடாது. ஒன்று, தொடைத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும் ஏ.வி.என். மதுப்பழக்கமும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்பதால் இரண்டைப் பற்றியும் தயங்காமல் கேட்க வேண்டும். தொடக்க நிலையில் எக்ஸ்ரே முற்றிலும் இயல்பாக இருக்கும்; எம்.ஆர்.ஐ.-யில்தான் தெரியும். மற்றது மூட்டுக் காசநோய். இரவு வலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை இருந்தால் கேம், பின்சர் பேச்சையே ஒதுக்கிவைத்துவிட்டு அதைத் தேட வேண்டும்.

இப்போது அந்த எக்ஸ்ரேக்கு வருவோம். முன்பின்னாக எடுத்த இடுப்புப் படத்தில் கிண்ணத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் இரண்டு கோடுகளாகத் தெரியும். இயல்பான மூட்டில் முன்விளிம்புக் கோடு பின்விளிம்புக் கோட்டுக்கு உள்பக்கமாகவே ஓடி, மேலே வெளிநுனியில் மட்டும் அதைச் சந்திக்கும். அதற்குக் கீழேயே முன்கோடு பின்கோட்டைக் குறுக்கே தாண்டினால் அதுவே கிராஸ்ஓவர் குறி. கிண்ணத்தின் மேற்பகுதி பின்னோக்கித் திரும்பியிருக்கலாம் என்பது அதன் பொருள். சிக்கல் என்னவென்றால், படுத்திருப்பவரின் இடுப்பெலும்பு முன்பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தால், சரியான கிண்ணத்திலும் இந்தக் குறி தோன்றிவிடும். இடுப்பு ஒருபக்கமாகச் சுழன்றிருந்தாலும் அப்படியே.

சாய்வை அறியத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வால் எலும்பின் நுனி, முன்னால் உள்ள அந்தரங்க எலும்பு இணைப்புக்கு நேர்மேலே, ஏறத்தாழ 1 முதல் 3 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் உள்ள அப்டுரேட்டர் துளைகள் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் பார்த்த பிறகே விளிம்புக் கோடுகளைப் பார்க்க வேண்டும். நம்மவர் படத்தில் வால் நுனி இணைப்பிலிருந்து 5 செ.மீ.-க்கும் மேலே நின்றது. அது தெளிவான முன்சாய்வு. வலி உள்ள ஒரு பக்கத்தை மட்டும் நடுவில் வைத்து எடுத்த படத்தில் இந்த அடையாளங்களே அகப்படாமல் போகும் என்பதால், ஸ்கேன் மையத்துக்கு எழுதும் சீட்டில் ‘இரு இடுப்பு மூட்டுகளும் சேர்ந்த முழு இடுப்பு’ என்று குறிப்பிடுவதே நல்லது. சாய்வைச் சரிசெய்து மறுபடி எடுத்தபோது கிராஸ்ஓவர் மறைந்துவிட்டது. கிண்ணம் தலையை எவ்வளவு மூடுகிறது என்பதைக் காட்டும் பக்கவாட்டு சென்டர் எட்ஜ் கோணம் 32 பாகை. இது 25-க்கும் 39-க்கும் இடையில் இருந்தால் இயல்பு. 40-ஐத் தொட்டால்தான் பின்சர் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். ஆக, பின்சர் என்பதே இவரிடம் இல்லை.

இதையொட்டி இன்னொன்று: கிண்ணத்தின் அடித்தளம், படத்தில் அதன் உள்பக்கமாக ஓடும் இலியோஇஸ்கியல் கோட்டைத் தொடுவதை ‘காக்சா புரோஃபண்டா’ என்று எழுதி, அதையே பின்சருக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் உண்டு. நலமான பெண்கள் பலரிடம் இது சாதாரணமாகவே தெரியும். இதைக் கைவிடலாம் என்பது என் கருத்து. தொடைத் தலையே அந்தக் கோட்டைத் தாண்டினால் அது புரோட்ரூசியோ. அது வேறு, கவனிக்க வேண்டியது.

அப்படியென்றால் வலி எங்கிருந்து வருகிறது? முன்பின் படத்தில் அவருடைய தொடைத் தலை உருண்டையாக, குறையின்றித் தெரிந்தது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கேம் புடைப்பு பெரும்பாலும் கழுத்தின் முன்-மேல் பக்கத்தில் இருப்பதால், நேர்ப்படத்தில் அது தலையின் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதை வெளிக்கொணர 45 பாகை டன் படம் எடுக்க வேண்டும்: மல்லாந்து படுத்து, தொடையை 45 பாகை மடக்கி, 20 பாகை வெளியே விரித்து, திருப்பாமல் நேராக வைத்து எடுப்பது அது. அந்தப் படத்தில் ஆல்ஃபா கோணத்தை இப்படி அளக்கிறோம். தொடைத் தலைக்குப் பொருந்தும் வட்டம் ஒன்றை வரைந்து, அதன் மையத்திலிருந்து கழுத்தின் மிகக் குறுகிய இடத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போட வேண்டும். எலும்பின் ஓரம் வட்டத்தை விட்டு முதலில் வெளியேறும் புள்ளிக்கு மையத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்டதே ஆல்ஃபா. 55 வரை பொதுவாக ஏற்கத்தக்கது, 60-ஐத் தாண்டினால் கேம் என்பதில் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. அவருக்கு 68 இருந்தது. எம்.ஆர்.ஐ.-யில் ஏ.வி.என். இல்லை, முன்-மேல் பகுதியில் லேப்ரம் குருத்தெலும்போடு சேருமிடத்தில் பிரிந்திருந்தது. அல்ட்ராசவுண்டு வழிகாட்டுதலில் மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டதும் சில மணி நேரம் வலியின்றிக் குந்த முடிந்தது. வலி முதுகிலிருந்து வரவில்லை, மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

இத்தனை தெரிந்த பிறகும், சிறு துளைகள் வழியாக மூட்டுக்குள் செய்யும் அறுவையான ஆர்த்ராஸ்கோப்பிக்கு உடனே போவது அடுத்த தவறு. பிரிட்டனில் 348 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஃபேஷன் ஆய்வில், ஆர்த்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களும் முறையான பிசியோதெரபி பெற்றவர்களும் இருதரப்பாருமே ஓராண்டில் முன்னேறினார்கள். 100 புள்ளி அளவுகோலில் அறுவைத் தரப்பு 6.8 புள்ளி கூடுதலாக முன்னேறியது. அது நோயாளி உணரக்கூடிய வேறுபாடுதான். ஆனாலும் பிசியோதெரபியைத் தாண்டிக் குதிக்கச் சொல்லும் அளவுக்குப் பெரியதன்று. இவருக்கு மூன்று மாதம் பிட்டத் தசை, வயிற்றுத் தசைப் பயிற்சி கொடுத்து, பட்டறையில் குந்தாமல் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னோம். கேம் புடைப்பைப் பயிற்சி கரைக்காது. இடிக்கும் கோணத்துக்குப் போகாமல் இயங்கக் கற்றுத்தருவதே அதன் வேலை. வலியைப் பொறுத்துக்கொண்டு மூட்டை ஆழமாக மடக்கி ‘ஸ்ட்ரெச்’ செய்வது நேர்மாறான பலனைத் தரும். உட்காரும்போது வரும் வலி தணிந்தது. குந்தும்போது வருவது போகவில்லை. அதன்பிறகே அறுவைச் சிகிச்சை முடிவாயிற்று.

அறுவைக்கு முன் இரண்டு அளவுகளை மறுபடி பார்க்க வேண்டும். மூட்டு இடைவெளி 2 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இருந்தால் குருத்தெலும்பு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. அங்கே புடைப்பைச் செதுக்கினாலும் விரைவில் மூட்டு மாற்றுச் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். சென்டர் எட்ஜ் கோணம் 20-க்குக் கீழே இருந்தால் கிண்ணம் ஆழமற்றது. அத்தகையவருக்குக் கேம் இருந்தாலும் ஆர்த்ராஸ்கோப்பியை மட்டும் செய்தால் மூட்டு நிலைகுலையக்கூடும். 20-க்கும் 25-க்கும் இடைப்பட்டவர்களில்தான் அனுபவம் மிக்கவர்களும் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். நம்மவருக்கு இடைவெளி 4 மி.மீ.

காலை இழுத்துப்பிடித்து மூட்டைச் சற்றே திறந்து, சிறு துளைகள் வழியாக லேப்ரத்தை எலும்பில் பதிக்கும் ஆங்கர்களால் மீண்டும் விளிம்போடு தைத்து, இழுவையைத் தளர்த்திய பின் புடைப்பைச் செதுக்கி, கடைசியில் மூட்டு உறையையும் தைத்து மூடினார்கள். விளிம்பெலும்பைத் தொடவில்லை. முதல் அறிக்கையை நம்பி விளிம்பைச் செதுக்கியிருந்தால், 32 பாகையாக இருந்த மூடுகை வீணாகக் குறைந்திருக்கும், இடிக்கும் புடைப்போ அப்படியே இருந்திருக்கும். இழுவையின்போது தொடையிடுக்கில் அழுந்தும் நரம்பு சில நாள் அல்லது வாரம் மரத்துப்போகலாம், தொடையின் வெளிப்பக்கத் தோலும் மரக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும் என்றாலும் அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மறு அறுவைக்கு வருபவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் காரணம், கேம் புடைப்பில் ஒரு பகுதி செதுக்கப்படாமல் விடுபட்டிருப்பது. அதற்காக அளவுமீறிச் செதுக்குவதும் ஆகாது: பிணத்தின் எலும்புகளில் செய்த சோதனையில், கழுத்துச் சேர்க்கையின் முன்-பக்கவாட்டுப் பகுதியில் 30 சதவீதத்துக்கு மேல் எடுத்தபோது எலும்பின் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்தது. எனவே அறுவையின் நடுவிலேயே சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் காலைப் பல கோணங்களில் திருப்பிப் பார்த்துச் செதுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் பழைய வலி அதே கோணத்தில் வருமானால், புதிய எம்.ஆர்.ஐ.-க்கு முன்னதாக ஒரு டன் படம் எடுத்து ஆல்ஃபா கோணத்தை மறுபடி அளந்து பார்ப்பதே முதல் வேலை.