காபிக்கொட்டை வறுக்க மூக்கு போதும்

ஏற்காட்டில் ஒரு வீடு. இரும்பு வாணலியில் கால் கிலோ பச்சைக் கொட்டை. அப்பா மிதமான தீயில் வைத்துவிட்டு, கரண்டியை மகனிடம் கொடுத்தார். "கை நிக்கக் கூடாது. நிறத்தைப் பார்க்காதே, மோந்து பார்த்துச் சொல்லு."

முதலில் ஈர வைக்கோல் வாசம்தான் வந்தது. கொட்டை மஞ்சளானதும் அது ரொட்டி சுடுகிற வாசமாக மாறியது. "ஆயிடுச்சா அப்பா?"

"இன்னும் உள்ளே வேகல. இப்ப இறக்கினா டிகாக்‌ஷன் புளிக்கும்."

பத்து நிமிடம் தாண்டியபோது பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கியது. உள்ளிருக்கும் நீராவி கொட்டையைப் பிளக்கிற சத்தம் அது. வெடிப்பு ஓய்ந்ததும், கருகத் தொடங்கும் வெல்லப்பாகு போல ஓர் இனிப்பு வாசம் எழுந்தது. பையன் தலையை நிமிர்த்தினான். "இப்ப?"

"இப்பதான். முறத்துல கொட்டு!"

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுப்பை அணைத்தாலும் இரும்பின் சூட்டில் கொட்டை வறுபட்டுக்கொண்டே இருக்கும். மூக்கில் புகை ஏறி, மேலே எண்ணெய் மினுங்கினால் கசப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். அதனால் உடனே முறத்தில் கொட்டிப் புடைக்க வேண்டும். சூடும் தணியும், தோலும் பறந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் வீடெல்லாம் புகைதான்.

அப்புறம், அன்றே அரைக்க வேண்டாம். வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேற ஒரு நாளாவது விடுங்கள். அதுவரை டப்பா மூடியை இறுக்க வேண்டாம்.