கல்யாணப் படத்தில் அட்டிகை சேர்க்கும்போது கழுத்தில் கை வைக்காதீர்கள்

தக்கலைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு தாயார் மகளின் கல்யாணப் படத்தோடு நாகர்கோவிலில் என் கடைக்கு வந்திருந்தார். கல்யாண நேரத்தில் பாட்டியின் அட்டிகையும் ஜிமிக்கியும் வங்கியில் அடகில் இருந்தன. மூன்று மாதம் கழித்துத்தான் மீட்க முடிந்தது. "தம்பி, மகள் பாட்டி நகையோடு இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். ஆனால் அவள் முகம், கழுத்து எதுவும் மாறக் கூடாது" என்றார். இதே வேலையை இன்னொரு கடையில் முன்பே செய்து வாங்கியிருந்தார். அந்தப் படத்தையும் காட்டினார். ரவிக்கையின் கழுத்து இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது, கழுத்துச் சதை மெழுகு பூசியதுபோல் வழவழத்தது, காதோரச் சுருள்முடி காணாமல் போயிருந்தது. நகை நன்றாகவே இருந்தது. பெண்தான் வேறு யாரோ.

படம் கெடுவது பெரும்பாலும் நகையை ஏற்றுவதில் இல்லை, நகைக்கு இடம் செய்து கொடுப்பதில்தான். அசல் கல்யாணப் படத்தில் ரவிக்கைக் கழுத்து சற்று ஏறியது. பெட்டியில் கிடந்தபடியே அட்டிகையை வைத்தால் பதக்கம் சரிகைக்கரையின் மேல் விழும். அது பிடிக்காமல் முதல் கடைக்காரர் ரவிக்கையைக் கீழே இழுத்துவிட்டு, வெளிப்பட்ட இடத்தில் புதிதாகத் தோல் வரைந்திருக்கிறார். வரைந்த தோலில் மயிர்க்கால் இல்லை, மடிப்பில்லை. அதைப் பக்கத்துத் தோலோடு ஒட்டவைக்கக் கழுத்து முழுவதையும் தேய்த்திருக்கிறார். ஒரு தவறு அடுத்ததை இழுத்துவந்த கதை இது.

அட்டிகை எப்படிக் கட்டப்படுகிறது என்று யோசித்திருந்தால் இந்தப் பாடே வந்திருக்காது. அதன் இரு முனையிலும் பட்டுக்கயிறு உண்டு. பிடரியில் கயிற்றை இறுக்கினால் நகை ஏறும், தளர்த்தினால் இறங்கும். கழுத்து ஏறிய ரவிக்கை போட்டால் எந்தப் பெண்ணும் கயிற்றை ஒரு விரல் இறுக்கித்தான் கட்டுவாள். ஆகவே இடத்தைத் தேட வேண்டியது ரவிக்கையில் இல்லை, கயிற்றில். அந்தப் பெண்ணின் தங்கையை வரச்சொல்லி, அட்டிகையை இறுக்கிக் கட்டி, கல்யாணப் படத்தின் கோணத்திலேயே உட்காரவைத்துப் படமெடுத்தேன். அப்படியும் பதக்கத்தின் நுனி சரிகைமேல் படும் என்றால் படட்டும். துணிமேல் கிடக்கும் நகை குற்றமில்லை.

நகையைத் தனியாகப் படமெடுக்கும்போது நடக்கும் தவறுகள் பின்னால் எந்த மென்பொருளிலும் சரியாவதில்லை. மேசைமேல் பரப்பி மேலிருந்து எடுத்த அட்டிகையில் எல்லாக் கண்ணிகளும் ஒரே அகலத்தில் இருக்கும். கழுத்து உருண்டை. அதில் படியும்போது நடுக்கண்ணி அகலமாகவும், பக்கவாட்டில் போகப்போக ஒடுங்கியும் தெரிந்து, முடிக்கடியில் மறைந்துவிட வேண்டும். தட்டையாக எடுத்ததை Warp கொண்டு எவ்வளவு வளைத்தாலும் காகிதத்தில் வெட்டி ஒட்டிய தோற்றம் போகாது. நகைப்பெட்டியின் சிவப்பு வெல்வெட்டில் வைத்தே எடுப்பதும் அப்படித்தான். பளபளத்த தங்கம் சுற்றிலும் உள்ளதைக் கண்ணாடிபோல் காட்டும், விளிம்பெல்லாம் சிவக்கும். தோல்மேல் இருக்கும் தங்கத்தில் தோலின் நிறம்தான் படிய வேண்டும். வடசேரிக் கோயில் நகை வகையில் சிவப்புக்கல் பதித்தவையென்றால் ஒளியின் திசையும் முக்கியம். கல்லின் அடியில் தகடு இருப்பதால் ஒளி ஒருபக்கம் பட்டால் கல் எரியும், மறுபக்கம் கறுத்துப்போகும். கல்யாணப் படத்தில் ஒளி நம் இடப்பக்கம் மேலிருந்து வந்தது. தங்கைக்கும் விளக்கை அங்கேயே வைத்தேன்.

அளவைக் கண்ணால் குத்துமதிப்பாக வைப்பதும் தவறு. எல்லாரும் நகையைப் பெரிதாகவே வைக்கிறார்கள். அளக்க ஒரு சாட்சி படத்திலேயே இருந்தது. கல்யாண ரவிக்கை அலமாரியில் பத்திரமாக இருந்ததால் அதன் சரிகைக்கரையை அளந்துவரச் சொன்னேன். 1.5 செ.மீ. என்றார்கள். படத்தில் அதே கரை, கழுத்தின் நடுவில், 60 பிக்சல் உயரம். அப்படியானால் 1 செ.மீ.க்கு 40 பிக்சல். பதக்கத்தின் உண்மையான உயரம் 3 செ.மீ., எனவே படத்தில் 120 பிக்சல். முதல் கடைக்காரர் வைத்திருந்தது ஏறக்குறைய 190. நகைக்கடை விளம்பரத்துக்கு அது பொருந்தும். உயரத்தை அளந்ததற்கும் காரணம் உண்டு. உடல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அகலம் சுருங்கித் தெரியும், உயரம் அவ்வளவாக மாறாது.

இனி போட்டோஷாப். கல்யாணப் படம் Background லேயராக, பூட்டு திறக்கப்படாமல், அடியிலேயே கிடக்கட்டும். நகை ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், அவ்வளவுதான். நகையின் நிறம் படத்தோடு சேரவில்லையென்று மொத்தப் படத்தையும் மஞ்சளாக்குகிறவர்கள் உண்டு. மண்டப விளக்கில் எடுத்த பெண்ணுக்குக் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். Curves லேயரை நகையோடு மட்டும் இணைத்து, நகையைப் படத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். கூர்மைக்கும் இதே விதி. சரிகையின் இழைகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றனவோ அதைவிட அட்டிகை தெளிவாக இருந்தால் ஒட்டியது என்று கண் சொல்லிவிடும். மெல்லிய Gaussian Blur கொடுத்து, படத்தில் உள்ள அதே அளவு Noise என்னும் பொரியையும் சேர்த்தால் அடங்கும்.

நிழலுக்காக Burn கருவியால் கழுத்தைக் கறுக்கவைப்பது பரவலான வழக்கம். அது தோலையே மாற்றிவிடுகிறது, பிறகு நகையை நகர்த்தினால் கறை அங்கேயே நிற்கும். நகைக்கடியில் தனி லேயர் போட்டு, அதை Multiply ஆக்கி, அதில் வரைந்தால் தோலின் மயிர்க்காலும் மச்சமும் நிழலின் ஊடே தெரியும். நிறம் கறுப்பு வேண்டாம். அந்தப் பெண்ணின் மோவாய்க்கடியில் இருக்கிற நிழலிலிருந்தே நிறத்தை எடுங்கள். சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும். நிழல் இரண்டு வகை வேண்டும். நகை தோலைத் தொடும் இடத்தில் இரண்டு மூன்று பிக்சலுக்கு அழுத்தமான கோடு, அதற்கப்பால் ஒளிக்கு எதிர்ப்பக்கம், இந்தப் படத்தில் வலப்பக்கம் கீழாக, மங்கிப் பரவும் நிழல். முதலாவது இல்லையென்றால் நகை மிதக்கும். இரண்டாவது மட்டும் விட்டுப்போனால் பலர் கவனிப்பதில்லை.

காது தனிக் கதை. அந்தப் பெண் தலையைச் சற்றே சாய்த்திருந்தாள். முதல் கடையில் காதோடு சேர்த்து ஜிமிக்கியையும் சாய்த்துவிட்டார்கள். தோடு காதோடு ஒட்டியிருப்பது, அது சாயும். அதில் தொங்கும் குடை சாயாது. கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல நேராகத்தான் தொங்கும். பின்னணியில் கதவு நிலை தெரிந்தது, அதற்கு இணையாக வைத்தேன். மறுகாதுக்கு அதே ஜிமிக்கியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுவது இன்னொரு சோம்பேறித்தனம். திருப்பினால் ஒளிப்புள்ளியும் எதிர்ப்பக்கம் போய்விடும், ஒரே முகத்துக்கு இரண்டு சூரியன். மறுகாதுக்குத் தனியாகப் படமெடுத்து, கன்னம் மறைக்கிற அளவை மாஸ்க்கால் மறைத்தேன். மூன்றில் ஒரு பங்கு ஜிமிக்கிதான் தெரிந்தது. அம்மாவுக்கு அதில் சிறு குறை. இருந்தாலும் அந்தக் கோணத்தில் அவ்வளவுதான் தெரியும்.

கல்யாணத்தன்று அவள் ஒற்றைக்கல் தோடு போட்டிருந்தாள். அதை அழித்துவிட்டு ஜிமிக்கி வைக்கலாமா என்று கேட்டார்கள். அழித்தால் காது மடலை நாம் வரைய வேண்டிவரும். பாட்டியின் ஜிமிக்கியின் மேல்தோடு ஒற்றைக்கல்லைவிடப் பெரியது, அப்படியே மேலே வைத்ததில் பழையது தானாக மறைந்துவிட்டது. மேல்தோடு சிறியதாக இருந்திருந்தால் பழைய கல்லை அப்படியே விட்டு, அதன் கீழே குடையை மட்டும் தொங்கவிட்டிருப்பேன்.

முடிக்கு வருவோம். காதின் முன்னால் விழும் சுருள்முடி நகைக்கு மேலே வர வேண்டும். அதை அழித்துவிட்டுப் பிறகு தூரிகையால் புதிதாக வரைகிறார்கள், வரைந்த முடி துடைப்பக்குச்சிபோல் நிற்கிறது. முடியைத் தொடவே வேண்டாம். நகையின் மாஸ்க்கில் முடியின் வடிவத்துக்குக் கறுப்பு இருந்தால் போதும், அசல் முடி தானாக மேலே தெரியும். அந்த வடிவத்தைப் படமே தரும். Channels பலகையில் Red தட்டைப் பாருங்கள், தோல் வெளுத்தும் முடி கறுத்தும் இருக்கும். அதன் நகலில் Levels கொடுத்து வேறுபாட்டைக் கூட்டி, மாஸ்க்கில் ஏற்றிவிடலாம். காதுக்குப் பின்னால் உள்ள பள்ளமும் அதில் கறுத்தே வரும். அங்கே மட்டும் மாஸ்க்கில் கையால் வெள்ளை பூச வேண்டும்.

எனக்குத் தலைவலி கொடுத்தது முடி இல்லை, பூ. தோவாளையிலிருந்து வந்த பிச்சிச்சரம் தோள்வழியே முன்னால் விழுந்து, அட்டிகையின் ஒரு பக்கத்தை மூட வேண்டியிருந்தது. Red தட்டில் பூவும் தோலும் ஒரேமாதிரி வெளுத்துப்போயின. Blue தட்டில் தோல் இருண்டு பூ மட்டும் வெள்ளையாக நின்றது. அதைத் தலைகீழாக்கி மாஸ்க்கில் போட்டேன். பிச்சி மொட்டின் புறத்தில் இளஞ்சிவப்பு ஓடும். அந்த நான்கைந்து மொட்டுகளை மட்டும் கையால் சுற்ற வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் அசல் படத்தின் நகலை எல்லா லேயருக்கும் மேலே வைத்து Difference என்று மாற்றிப் பாருங்கள். மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். அதன்மேல் ஒரு Levels லேயர் போட்டு, வெள்ளை முனையை 20 வரை இழுத்தால் மங்கலான மாற்றமும் பளிச்சிடும். அட்டிகை, ஜிமிக்கி, அவற்றின் நிழல் தவிர வேறெங்கும் சாம்பல் தெரியக் கூடாது. என் படத்தில் தோளோரம் ஒரு சிறு புகை தெரிந்தது. நிழல் தூரிகை தவறிப் பூச்சரத்தின்மேல் ஏறியிருந்தது, நிழல் லேயரில் அழித்ததும் போய்விட்டது. இந்தச் சோதனையை JPEG ஆகச் சேமிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். JPEG சுருக்கும்போது படம் முழுவதிலும் பிக்சல்கள் கொஞ்சம் கொஞ்சம் மாறும், பிறகு எது நம் தவறு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

சோதனைக் கறுப்பை அந்த அம்மாவிடமும் காட்டினேன். இருட்டில் ஓர் அட்டிகையும் ஒரு முழு ஜிமிக்கியும் இன்னொன்றின் மூன்றில் ஒரு பங்கும் தனியாக மினுங்கின. "அப்படியானால் மகளை ஒன்றும் செய்யவில்லை" என்றார். 12க்கு 8 அங்குலத்தில் இரண்டு பிரதிகள் போட்டுக் கொடுத்தேன், நகை இல்லாத அசலிலும் ஒன்று.