y-ஐப் பொறுத்துப் பரப்பு காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களில் கூட்டல் பிழைகளை நான் பெரிதுபடுத்துவதில்லை. அவை கவனக்குறைவு, அவ்வளவுதான். இங்கே சொல்ல வந்தது வேறு வகைத் தவறுகள். எடுத்துக்காட்டாக x = y² என்ற பரவளையத்துக்கும் y = x − 2 என்ற நேர்க்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பை எடுத்துக்கொள்வோம்.

வர்க்கமூலத்தை வலிந்து அழைப்பது

y = √x என்று எழுதிய கணமே பரவளையத்தின் கீழ்ப்பாதி காணாமல் போகிறது. பிறகு 1 முதல் 4 வரை தொகையிட்டு 19/6 என்று முடிப்பார்கள். x = 0-க்கும் 1-க்கும் நடுவே, பரவளையத்தின் இரு கிளைகளுக்கு இடையில் இருக்கும் 4/3 விடுபட்டுவிடும்.

x-இன் எல்லைகளை dy-க்கு மாட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இதுதான். வெட்டும் புள்ளிகளை (1, −1), (4, 2) என்று சரியாகவே காண்பார்கள். கோட்டை x = y + 2 என்று மாற்றி, தொகைச்சார்பு y + 2 − y² என்றும் சரியாக எழுதுவார்கள். எல்லை போடும்போது மட்டும் பழக்கம் கையை இழுக்க, 1 முதல் 4 வரை என்று எழுதிவிடுவார்கள். விடை −15/2 என்று வரும். அங்கேயாவது சந்தேகம் வர வேண்டாமா? ஒரு மாணவர் நிதானமாக இருபுறமும் மட்டுக்குறி போட்டு, 15/2 சதுர அலகுகள் என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தார். கேட்டதற்கு, "பரப்பு குறையெண்ணாக இருக்காது அல்லவா, சார்?" என்றார். அந்த மட்டுக்குறியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தவறு தானாக முன்வந்து காட்டிக்கொடுத்த பிறகும் அதற்குத் திரை போடுகிறோம்.

y = 3 என்று வைத்துப் பாருங்கள். கோடு x = 5-இல் இருக்கிறது, பரவளையம் 9-இல் இருக்கிறது. அடைபட்ட பகுதியைத் தாண்டி எங்கோ போய்விட்டோம். dy என்றால் கிடைக்கீற்றுகளைக் கீழிருந்து மேலாக அடுக்குகிறோம். அடுக்கு தொடங்கும் உயரம் −1, முடியும் உயரம் 2. ஆகவே

```
∫ (y + 2 − y²) dy, y = −1 முதல் 2 வரை
= (2 + 4 − 8/3) − (1/2 − 2 + 1/3)
= 10/3 + 7/6 = 9/2
```

சரிபார்க்க ஒரு வழி உண்டு. கீற்று மிக நீளமாக இருப்பது y = 1/2-இல்; அங்கே நீளம் 9/4. பகுதியின் உயரம் 3. எனவே பரப்பு 27/4-ஐத் தாண்டவே முடியாது. 15/2 அங்கேயே அடிபட்டுப் போகிறது. பரவளையத் துண்டின் பரப்பு இந்தப் பெருக்கலில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. 27/4-இல் மூன்றில் இரண்டு பங்கு 9/2.

மேலிருப்பதிலிருந்து கீழிருப்பதைக் கழிப்பது

dy-இல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்தைக் கழிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் dy

y = x²-உம் y = x + 2-உம் கொடுத்தால் dx-இல் ஒரே தொகையீடு போதும். அங்கே dy-க்குப் போனால் y = 1-இல் இடப்பக்க எல்லை பரவளையத்திலிருந்து கோட்டுக்கு மாறும்; இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். படம் வரைந்த பிறகு முடிவு செய்யுங்கள்.