பேனா பிடித்த கையில் மவுஸ் பழக்கம்: படத்திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தாலி கட்டி முடித்த கையோடு எடுத்த மணப்பெண் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ஒப்பனையையும் மீறி நெற்றி வியர்த்திருக்கிறது. நெற்றிச்சுட்டிப் பதக்கத்தின் இருபுறமும் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாகப் படிந்திருக்கிறது. தோலின் நுண்துளைகள் அழியாமல், தங்கத்தின் பளபளப்பு குறையாமல், அந்தத் திட்டை மட்டும் தணிக்க வேண்டும்.

இந்த வேலையைப் பல ஆண்டுகள் மவுஸில் செய்துவிட்டு, கிராஃபிக் பலகையின் பேனாவுக்கு மாறியவன் நான். முதல் சில மாதங்கள் படங்கள் முன்பைவிடத் திட்டுத்திட்டாகவே வந்தன. மவுஸுக்காகப் பழகிய அமைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்ததுதான் காரணம்.

முதல் தவறு, அழுத்தத்தைத் தூரிகையின் அளவோடு இணைப்பது. ஃபோட்டோஷாப்பில் பல தூரிகைகள் இப்படித்தான் வருகின்றன: அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். நெற்றியில் பறக்கும் ஒற்றை முடியை வரைய இது அருமையான அமைப்பு. தோலுக்கு ஆகாது. மெல்லத் தொடும் இடத்தில் நிழல் பரவலாகவும் இளசாகவும் விழ வேண்டியிருக்க, அங்கே குறுகிய கோடு விழுகிறது. அழுத்தத்தை ‘ஃப்ளோ’வோடு, அதாவது தூரிகை எவ்வளவு வண்ணத்தை விடுகிறது என்பதோடு இணைக்க வேண்டும். தூரிகை அமைப்பில் ‘ஷேப் டைனமிக்ஸ்’ பகுதியை அணைத்துவிட்டு, ‘டிரான்ஸ்ஃபர்’ பகுதியில் ஃப்ளோவின் கட்டுப்பாட்டைப் பேனா அழுத்தம் என்று வையுங்கள். மேற்பட்டையில் அளவுக்கான அழுத்தப் பொத்தான் அழுத்தியபடி இருந்தால் அது இந்த அமைப்பைப் புறக்கணித்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃப்ளோவின் எண். மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. ஒவ்வொரு கிளிக்கும் ஒரே கனம் என்பதால், ஃப்ளோவை 2 அல்லது 3 சதவீதத்தில் வைத்துப் பலமுறை மேலே மேலே தடவுவோம். பேனாவிலும் அதே 3 சதவீதத்தை வைத்தால், மெல்லத் தொடும்போது கண்ணுக்கு எதுவுமே தெரியாது. கை தன்னையறியாமல் அழுத்தத் தொடங்கும். மணிக்கட்டு வலிப்பதும், கிராஃபிக் பலகையில் கீறல் விழுந்து பேனா முனை சாய்வாகத் தேய்வதும் அதன் அடையாளங்கள். நேர்மாறாக, ‘அழுத்தம் பார்த்துக்கொள்ளும்’ என்று 100 சதவீதத்தில் விட்டால் ஒரே தடவலில் கறை விழும். என் கைக்கு 10 சதவீதத்தை ஒட்டி வைத்தால் சரியாக அமைகிறது. உங்கள் கைக்கு எது பொருந்தும் என்பதை ஒரு சோதனையில் அறியலாம்: சாதாரணமாக எழுதும் அழுத்தத்தில் ஒரு தடவல் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்தால் போதும்.

இனி அந்த நெற்றி. இருட்டாக்கும் கர்வ்ஸ் லேயர் ஒன்றைச் சேர்த்து, அதன் மாஸ்க்கைக் கறுப்பாக நிரப்பி, மென்விளிம்புள்ள வெள்ளைத் தூரிகையால் திட்டின் மேல் தடவ வேண்டும். இங்கே ஓர் எல்லை உண்டு. திட்டின் நடுவில் மூன்று வண்ண மதிப்புகளும் 255ஐத் தொட்டிருந்தால் அங்கே தோலின் தகவலே இல்லை. இருட்டாக்கினால் மாநிறத் தோலில் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். எவ்வளவு நுணுக்கமாகப் பேனா பிடித்தாலும் இது மாறாது. அந்த நடுப்பகுதிக்கு மட்டும் புதிய லேயரில் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து இளசாகப் பூசி, பிறகு ஓரங்களைக் கர்வ்ஸால் இணைக்க வேண்டும்.

பேனாவில் வேலை இனிமையாக இருப்பதால் 300 சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு துளையையும் துரத்துவது இன்னொரு தவறு. சிறிய டேப்லெட் திரையில் இந்த ஆசை அதிகம். அருகில் அழகாகத் தெரிவது, முழுப்படமாகப் பார்க்கும்போது மேடுபள்ளமாகத் தெரியும். சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரையும், படத்தை நன்கு இருட்டாக்கும் கர்வ்ஸ் லேயரையும் தற்காலிகமாக வைத்துப் படத்தைச் சிறிதாக்குங்கள். திட்டுகள் உடனே வெளிப்படும்.

எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது ஐபேடில் மீதியை முடிப்பவர்கள் ‘ட்ரூ டோன்’, ‘நைட் ஷிஃப்ட்’ இரண்டையும் அணைத்துவிட வேண்டும். சுற்றியுள்ள ஒளிக்கேற்பவோ நேரத்துக்கேற்பவோ திரையின் வெள்ளை மாறினால், மஞ்சள் பூசிய முகத்தின் நிறத்தைக் கண் தவறாகவே கணிக்கும்.

எல்லாவற்றையும் பேனாவிலேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பேனாவைத் தூக்கும் கணத்தில் முனை சற்று நகரும்; மவுஸ் விட்ட இடத்திலேயே நிற்கும். நெற்றிச்சுட்டியின் சங்கிலியைச் சுற்றிப் பாதை வரைவது, புடவைக் கரையில் குளோன் செய்ய மூலப்புள்ளியைக் குறிப்பது ஆகியவற்றை நான் இன்னமும் மவுஸில்தான் செய்கிறேன். சங்கிலியைத் தேர்வாக மாற்றி, அந்தத் தேர்வைத் தலைகீழாக்கித் தங்கத்தைப் பாதுகாத்த பிறகே பேனாவைக் கையில் எடுக்கிறேன். அப்போது தோலின் மேல், சங்கிலியின் விளிம்புவரை தயங்காமல் தடவ முடிகிறது.