ஐந்து நட்சத்திரம், பத்து மதிப்பெண், லைக்: மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி?

வார இறுதியில் பார்க்கலாம் என்று மூன்று படங்களைக் குறித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கு ஐந்துக்கு 4.1 நட்சத்திரம், இன்னொன்றுக்குப் பத்துக்கு 7.8, மூன்றாவதற்கு 92% லைக். மூன்றும் மூன்று தளங்களில். முதலாவதை இரண்டால் பெருக்கினேன், 8.2. மூன்றாவதைப் பத்தால் வகுத்தேன், 9.2. சரி, மூன்றாவதுதான் என்று போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். கணக்கில் எங்கே கோளாறு என்று அப்புறம்தான் தேடினேன்.

படி 1: அளவுகோல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்

இரண்டால் பெருக்குவதே தப்பு. பெரும்பாலான நட்சத்திரத் தளங்களில் பூஜ்ஜியம் கிடையாது. எவ்வளவு மோசமான படமானாலும் 1 நட்சத்திரம் கொடுத்தாக வேண்டும். லெட்டர்பாக்ஸ்டில் அரை நட்சத்திரத்தில் தொடங்குகிறது. ஐஎம்டிபியில் 1 முதல் 10 வரை. அதனால் கீழ் எல்லையைக் கழித்துவிட்டு, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும்:

```
(4.1 - 1) / (5 - 1)  = 0.775
(7.8 - 1) / (10 - 1) = 0.756
```

8.2க்கும் 7.8க்கும் இருந்த இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது.

படி 2: லைக் சதவீதத்தை இதில் சேர்க்காதீர்கள்

நான் ஏமாந்தது இங்கேதான். 92% என்பது 100க்கு 92 மதிப்பெண் அல்ல. ஓட்டுப் போட்டவர்களில் 92% பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள், அவ்வளவுதான். பத்துப் பேர் பார்த்து, பத்துப் பேரும் "பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்" என்று நினைத்தால் அந்தப் படத்துக்கு 100%. ஆறு பேர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடி, நான்கு பேர் திட்டினால் 60%. எவ்வளவு பிடித்தது என்பது லைக்கில் பதிவாவதே இல்லை. ராட்டன் டொமேட்டோஸின் சதவீதமும் இதே ரகம்தான்: சாதகமான விமர்சனங்களின் பங்கு, சராசரி மதிப்பெண் அல்ல.

படி 3: எண்ணை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள்

இந்த 4.1, அந்தத் தளத்தில் அதிகமா குறைவா? எல்லாரும் நாலுக்கு மேல் அள்ளி வீசும் இடத்தில் 4.1 சுமார்தான். கஞ்சத்தனமான தளத்தில் 7.8 பெரிய விஷயம். ஆகவே ஒப்பிட ஒரு கூட்டம் வேண்டும்.

மூன்று தளங்களிலும் இருக்கும் 30 படங்களை எடுங்கள். மூன்றிலும் அதே 30 படங்களாக இருப்பது முக்கியம். அப்போதுதான் வித்தியாசம் தளத்தால் வருகிறதே தவிர படங்களால் அல்ல. நான் முதலில் சோம்பேறித்தனமாக ஒவ்வொரு தளத்தின் 'டாப்' பட்டியலையே எடுத்தேன். என் மூன்று படங்களும் அடிமட்டத்தில் கிடந்தன. நல்லது, கெட்டது, நடுத்தரம் எல்லாம் கலந்திருக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் ஒரு தளத்துக்கு ஒரு தாள். (இந்த வேலைக்கு நிரல் எழுதுவது வீண் என்பது என் கட்சி.) B2 முதல் B31 வரை அந்த 30 படங்களின் மதிப்பெண், B32-இல் நீங்கள் பார்க்க நினைக்கும் படம்:

```
=PERCENTRANK(B$2:B$32, B32)
```

எனக்கு வந்த விடை: நட்சத்திரப் படத்துக்குக் கீழே 9 படங்கள், அதாவது 0.3. பத்து மதிப்பெண் படத்துக்குக் கீழே 24, அதாவது 0.8. லைக் படத்துக்கு 15, அதாவது 0.5. முதல் கணக்கில் கடைசியில் நின்ற 7.8தான் முன்னால் வந்தது! 30 படங்களில் ஒரு படம் இடம் மாறினாலே 0.03 நகரும், அதனால் 0.1க்குக் குறைவான வித்தியாசத்தை நான் சட்டை செய்வதில்லை.

பின்சேர்க்கை 1: "அந்த 92% எத்தனை ஓட்டில்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால் 12 ஓட்டு, 11 லைக்! குறைந்த ஓட்டுகளுக்கு ஒரு லைக், ஒரு டிஸ்லைக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

```
=(11+1)/(12+2)
```

விடை 0.857, அதாவது சுமார் 86%. ஆயிரம் ஓட்டில் 920 லைக் என்றால் இதே கணக்கில் 91.9%தான் வரும், அசையவே அசையாது. 86ஐ B32-இல் போட்டதும் என் படம் 0.5இலிருந்து 0.2க்கு இறங்கியது.

பின்சேர்க்கை 2: `#N/A` வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். வரம்பை B$31-இலேயே நிறுத்திவிட்டு, உங்கள் படத்தின் எண் பட்டியலின் எல்லைக்கு வெளியே இருந்தால் அப்படி வரும். மேலே இருப்பதுபோல் B32ஐயும் வரம்புக்குள் சேர்த்தால் போய்விடும். இன்னொருவருக்கு 45,000க்கு மேல் ஏதோ எண் வந்ததாம். தளத்திலிருந்து 4/5 என்று அப்படியே ஒட்டியிருக்கிறார், ஷீட்ஸ் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டுவிட்டது. 4 என்று மட்டும் தட்டுங்கள்.