ஒரு மணி நேரம், 200 சுற்று: 18 நொடிக் கணக்கு எங்கே சறுக்குகிறது

250 மீட்டர் வெலோட்ரோமில், அதாவது வளைவுகள் சாய்வான சைக்கிள் பந்தயத் தளத்தில், ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 50 கிலோமீட்டர் என்றால் 200 சுற்று. 3600 நொடியை 200-ஆல் வகுத்தால் சுற்றுக்குச் சரியாக 18 நொடி. கையேடே தேவையில்லாத கணக்கு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கும் 'ஹவர் ரெக்கார்டு' சாதனையின் பாணியில் தனியாக ஓட்டிப் பார்க்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த 18-ஐத் தாளில் எழுதிக்கொண்டுதான் தளத்தில் இறங்குகிறார்கள். அந்த எண்ணை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகின்றன.

காரணம் எளிது. கடிகாரம் ஓடத் தொடங்கும்போது சைக்கிள் நின்றுகொண்டிருக்கிறது. உருண்டு வந்து கோட்டைத் தாண்டித் தொடங்க விதி இடம் தராது. ஒரே கியர், அதுவும் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற கனமான கியர். அதை நின்ற நிலையிலிருந்து எழுப்ப வேண்டும். முதல் சுற்றுக்கு 24.5 நொடியும் இரண்டாவதற்கு 18.5 நொடியும் ஆனது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்று முடிய 43 நொடி. 36-இல் முடிந்திருக்க வேண்டியது, 7 நொடி கடன். மீதி 198 சுற்றுக்குக் கையில் இருப்பது 3557 நொடி. வகுத்தால் 17.96.

18-க்கும் 17.96-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். அந்த நான்கு நூறிலொரு பங்கு நொடியைக் கவனிக்காமல் 18.00 என்றே மீதி முழுவதும் ஓட்டினால், மணி முடியும்போது இலக்குக்கு 97 மீட்டர் குறைவாக இருப்பீர்கள். அத்தனை சுற்றும் 'சரியான நேரத்தில்' ஓட்டிய பிறகும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து விழுகிற குழி இன்னும் ஆழமானது. கடனை உடனே அடைத்துவிட நினைப்பது. ஏழு நொடியைப் பத்துச் சுற்றில் மீட்டுவிடலாம், சுற்றுக்கு 0.7 நொடிதானே என்பார்கள். அதாவது 17.3 நொடிச் சுற்று, மணிக்கு 52 கிலோமீட்டர். வேகம் நான்கு சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் சமதளத்தில் இந்த வேகத்தில் ஓட்டுகிறவர் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார், அதற்கான திறன் ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 18 நொடிச் சுற்றுக்கு 300 வாட் போதும் என்றால் 17.3-க்குச் சுமார் 338 வாட் வேண்டும். ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய விளிம்பில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர் முதல் மூன்று நிமிடத்திலேயே அந்த விளிம்பைத் தாண்டிப் போகிறார். முதல் பத்து நிமிடம் கால் புதிதாக இருப்பதால் வலி தெரியாது, அதுதான் ஏமாற்றும். பில் வருவது நாற்பதாவது நிமிடத்தில்.

2015 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவின் ஜாக் பாப்ரிட்ஜுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அப்போதைய சாதனை 51.852 கிலோமீட்டர், அதாவது சராசரியாக 17.36 நொடிச் சுற்று. அவர் தொடக்கத்தில் அந்தக் கணக்குக்கு முன்னே ஓடினார். பிறகு வேகம் தேய்ந்துகொண்டே போய், மணி முடிந்தபோது 51.300-இல் நின்றார். முழு மணி நேரத்துக்கும் பார்த்தால் சுற்றுக்கு 0.19 நொடி குறை, அவ்வளவுதான். 1972-இல் மெக்சிகோ சிட்டியில் எடி மெர்க்ஸும் சராசரியைவிட வேகமாகத்தான் தொடங்கினார், 49.431 கிலோமீட்டரோடு சாதனையும் படைத்தார். 'அவரே அப்படித்தான் ஓட்டினார்' என்று யாராவது அதை வாதமாகக் கொண்டுவந்தால், நம் காலும் மெர்க்ஸின் காலும் ஒன்றா என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

சரியான வழி, கடனை 198 சுற்றுக்கும் பரப்பிவிடுவது. இன்னும் நிதானமாகப் போக விரும்பினால் முதல் இரண்டு சுற்றுக்குப் பிறகு அறுபது சுற்றை 18.0-இலேயே விடுங்கள். அப்போது 62 சுற்று முடிய 18 நிமிடம் 43 நொடி. மீதி 138 சுற்றுக்குத் தேவை 17.95. சுற்றுக்கு இருபதில் ஒரு பங்கு நொடிதான் கூடுதல் வேகம். கடன் கேட்கும் வட்டி இவ்வளவு குறைவாக இருக்கும்போது அவசரப்பட்டு அடைக்க என்ன இருக்கிறது?

இனி வெளியே ஸ்டாப்வாட்சோடு நிற்பவரின் தவறுகள். ஓட்டுபவர் கண்ணுக்கு எந்தத் திரையும் இருக்காது. கோச் சொல்வதுதான் அவருக்குத் தெரியும். பலர் சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் கத்துவதோடு நிறுத்திவிடுகிறார்கள்: 'பதினெட்டு! பதினேழு ஒன்பது! பதினெட்டு!' கையால் அழுத்தும் கடிகாரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்றிரண்டு நொடி முன்பின் ஆவது சாதாரணம். 18 நொடிச் சுற்றில் 0.1 நொடி என்பது முழு மணிக்குக் கணக்கிட்டால் சுமார் 277 மீட்டர். கை நடுக்கமே அந்த அளவு இருக்கும்போது, தனிச் சுற்றின் நேரத்தை வைத்து ஓட்டுபவரை வேகப்படுத்துவதும் மெதுவாக்குவதும் அவர் காலில் சலனத்தை உண்டாக்கும், வேறொன்றும் செய்யாது.

கூட்டு நேரத்தைப் பாருங்கள். கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விட்டால், அழுத்தும் பிழை சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகாது. நூறாவது சுற்றிலும் அதே பத்தில் ஒரு பங்குதான் பிழை. நம் உதாரணத்துக்கான அட்டவணை இந்த ஒரு வரியில் அடங்கும்:

```
T(n) = 43 + (n - 2) × 3557 / 198
```

இதன்படி 50-ஆவது சுற்று 15 நிமிடம் 5.3 நொடியில் முடிய வேண்டும், 100-ஆவது 30 நிமிடம் 3.5 நொடியில், 150-ஆவது 45 நிமிடம் 1.8 நொடியில், 200-ஆவது மிகச் சரியாக மணி முடியும்போது. வெறும் 18-ஐ வைத்து அட்டவணை போட்டவருக்கு 50-ஆவது சுற்று 15 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். திட்டப்படி மிக அழகாக ஓட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து அவர் 'ஐந்து நொடி பின்னாடி இருக்க, ஏறு ஏறு' என்று கத்துவார். ஓட்டுபவரும் ஏறுவார். அன்றைய முயற்சி அங்கேயே கெட்டுப்போகும்.

அட்டவணைக்கு உண்மையாகவே பின்னே போனாலும் அதே நிதானம்தான். நூறாவது சுற்றில் நான்கு நொடி பின்தங்கியிருந்தால் மீதி நூறு சுற்றில் சுற்றுக்கு 0.04 நொடி. இதைக் கத்திச் சொல்ல முடியாது என்பதால் பல கோச்சுகள் வாயைத் திறப்பதே இல்லை. சுற்று முடியும் கோட்டருகே நடப்பார்கள்: அட்டவணைப்படி சைக்கிள் இருக்க வேண்டிய நேரத்தோடு ஒப்பிட்டு, முன்னே இருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் சில அடி, பின்னே இருந்தால் அந்தப் பக்கம். எத்தனை அடிக்கு எவ்வளவு நொடி, எந்தப் பக்கம் எதற்கு என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தலையைக் குனிந்து ஓட்டுபவருக்கு ஓரக்கண்ணில் தெரிவது அதுதான்.

நேரம் சரியாக இருந்தும் கால் எரிகிறது என்றால் அட்டவணையைவிட்டுக் கோட்டைப் பாருங்கள். 250 மீட்டர் என்பது தளத்தின் அடியில் வரைந்திருக்கும் கறுப்புக் கோட்டின் நீளம். அதற்கு 20 சென்டிமீட்டர் மேலே ஓட்டினால், வளைவின் சாய்வையும் கணக்கில் கொண்டால், சுற்றுக்குச் சுமார் ஒரு மீட்டர் கூடுதல். 200 சுற்றில் 200 மீட்டர். கணக்கில் ஏறுவது என்னவோ 250 மட்டுமே. பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை வளைவின் வாயிலில் நின்று பாருங்கள். களைத்த ஓட்டுநரின் சக்கரம் வளைவிலிருந்து வெளியே வரும்போது மேலே வழுக்கிப் போவது தெரியும்.

வளைவைப் பற்றி இன்னொன்று. வேகமானியில் பதிவானதைப் பிறகு எடுத்துப் பார்க்கும் சிலர், 'வளைவில் வேகம் கூடுகிறது, நேர்கோட்டில் குறைகிறது, ஒரே சீராக ஓட்டு' என்று திருத்தப் பார்ப்பார்கள். திருத்த வேண்டாம். வளைவில் சைக்கிளும் ஆளும் உள்பக்கம் சாய்கிறார்கள். சக்கரம் கோட்டின் மேல் 250 மீட்டர் போனாலும் உடலின் எடை மையம் உள்வட்டத்தில் சுமார் நான்கு மீட்டர் குறைவாகவே போகிறது. உடல் ஒரே வேகத்தில் நகர்ந்தாலே சக்கரம் வளைவில் வேகம் எடுக்கும். அது இயற்பியல், ஓட்டுபவரின் குறை இல்லை. அதனால் அரைச் சுற்று நேரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. முழுச் சுற்றுதான் அளவு.

காற்றழுத்தத்தை மறப்பதும் உண்டு. போன மாதம் தளத்தில் 18-ஐச் சுகமாக ஓட்டியவர் இன்றும் அதே வாட்டில் அதே 18-ஐ எதிர்பார்க்கிறார். காற்றின் அடர்த்தி இரண்டு சதவீதம் கூடியிருந்தால் அதே உழைப்புக்குச் சுற்று 18.12 ஆகும், மணிக்கு 330 மீட்டர் போச்சு. 2015 ஜூனில் லண்டனில் பிராட்லி விக்கின்ஸ் 54.526 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த நாளில் காற்றழுத்தம் மிக உயர்ந்திருந்தது, அவர் மனதில் இருந்த 55 எட்டவில்லை. அன்று காலை அழுத்தமும் வெப்பமும் பார்த்து இலக்கையே மாற்றிக்கொள்வது கோழைத்தனம் இல்லை. பழைய அட்டவணையோடு இறங்கினால் அது பாப்ரிட்ஜ் ஓட்டம்தான், தொடக்கம் மெதுவாகத் தெரிந்தாலும்.

கடைசியாக, மணி முடியும் கணம். எங்கே இருந்தாரோ அந்த இடத்தை டேப் வைத்து அளப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உலக சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதி அப்படி இல்லை. மணி முடியும்போது ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை ஓட்டுநர் முழுவதும் முடிக்க வேண்டும். அந்தச் சுற்று தொடங்கியபோது மணியில் மிச்சமிருந்த நேரத்தை அந்தச் சுற்றின் மொத்த நேரத்தால் வகுத்து, தளத்தின் நீளத்தால் பெருக்குவார்கள். முழுச் சுற்றுகளோடு சேர்வது அந்தத் தூரம்.

நம் ஓட்டுநர் திட்டத்தைத் தாண்டிப் போய் 200-ஆவது சுற்றை 59 நிமிடம் 51 நொடியில் முடித்துவிட்டார் என்று வைப்போம். மிச்சம் 9 நொடி. கடைசிச் சுற்றை 18 நொடியில் முடித்தால் கூடுதலாக 125 மீட்டர் கிடைக்கும். மணி முடிந்ததைச் சொல்லும் வேட்டுச் சத்தம் கேட்டதும் மிதிப்பதை விட்டு உருண்டு வந்து 20 நொடியில் முடித்தால் 112.5 மீட்டர்தான். வேட்டுக்குப் பிறகு ஓட்டிய பகுதி வேட்டுக்கு முன் ஓட்டியதைச் சுருக்கிவிடுகிறது. பன்னிரண்டரை மீட்டர்தானே என்று தோன்றினால்: 2000-இல் மான்செஸ்டரில் கிறிஸ் போர்ட்மேன் மெர்க்ஸின் 28 ஆண்டுச் சாதனையை முறியடித்தது 49.441 கிலோமீட்டரில். வித்தியாசம் பத்து மீட்டர்.